ஏழு பேர் அலுவலகத்தில் "பெயர் வெளிவராது" என்று எழுதுமுன்

கொழும்பில் சிறு நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும் அவற்றின் மனிதவளப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வருடாந்த மதிப்பீடு நெருங்கும்போது உங்களில் பலர் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறீர்கள். உங்கள் பொறுப்பாளரைப் பற்றியும் பக்கத்து மேசைக்காரரைப் பற்றியும் சில கேள்விகளுக்குப் பதில் தாருங்கள் என்று அதில் கேட்டிருக்கும். மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை செய்கிறவர் என்று எல்லாப் பக்கமும் கேட்பதால் அதற்கு 360 பின்னூட்டம் என்று பெயர். கடைசி வரியில், "உங்கள் பதில்கள் முற்றிலும் இரகசியமானவை, பெயர் எங்கும் வெளிவராது" என்று போட்டிருப்பீர்கள். இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது.

நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஒரு தலைமையகத்தில் அந்த வரி ஓரளவு பொருந்தும். கோட்டையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மாடியில் ஏழெட்டுப் பேரோடு நடக்கும் அலுவலகத்தில் அது பெரும்பாலும் பொருந்தாது. பதில் எழுதுகிறவர்களுக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் உங்கள் கைக்கு வரும் கருத்துகள் "நல்ல மனிதர்", "தொடர்பாடலை இன்னும் மேம்படுத்தலாம்" என்பதற்கு மேல் போவதில்லை. சிறு அலுவலகங்களுக்கு இத்தகைய அறிக்கைகளைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். பெயர் எங்கே கசிகிறது, அதை எப்படி அடைக்கலாம், அடைத்த பிறகும் பெறுகிறவருக்கு உருப்படியாக ஏதாவது மிஞ்ச என்ன செய்யலாம் என்று நான் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் எண்கள். உங்களிடம் இருக்கும் மென்பொருளில் ஒரு பாதுகாப்பு இருக்கும்: ஒரு பிரிவில் மூன்று பேருக்குக் குறைவாகப் பதில் தந்திருந்தால் அந்தப் பிரிவின் சராசரியைக் காட்டாது. சரி, நல்ல விதிதான். ஆனால் அது ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கிறது. அறிக்கையைக் கையில் வாங்குகிறவர் எல்லா வரிகளையும் சேர்த்துப் பார்க்கிறார்.

சுங்கத் தீர்வை முகவர் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆவணப் பிரிவுப் பொறுப்பாளரைப் பற்றிப் பின்னூட்டம் எடுக்கிறார்கள். முதலாளியின் பதில் தனியாக வரும், அதில் ஒளிக்க எதுவும் இல்லை. மற்றப்படி பதில் தருகிறவர்கள் ஆறு பேர். கணக்கு, விற்பனை, போக்குவரத்து, களஞ்சியம் ஆகியவற்றிலிருந்து சக பொறுப்பாளர்கள் நான்கு பேர். அவருக்குக் கீழே இரண்டு பேர்: அலுவலகத்தில் கஸ்டெக் என்ற சுங்கப் பிரகடனப் படிவத்தைத் தட்டும் பெண் ஒருவர், துறைமுகத்துக்குப் போய்வரும் வார்ஃப் கிளார்க் ஒருவர். "திருத்தங்களை நேரத்தோடு சொல்கிறார்" என்ற கேள்விக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். அறிக்கையில் சக பொறுப்பாளர்களின் சராசரி 4.0 என்று இருக்கிறது. கீழே வேலை செய்கிறவர்களின் வரியில், இரண்டே பேர் என்பதால், "போதிய பதில்கள் இல்லை" என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஆறு பேரின் மொத்தச் சராசரி 3.5. பக்கத்தில் ஒரு சிறிய பட்டை, குறைந்த மதிப்பெண் 2, கூடிய மதிப்பெண் 4 என்று காட்டுகிறது.

பொறுப்பாளர் தன் கைபேசிக் கணிப்பானை எடுக்கிறார். ஆறு பேருக்கு 3.5 என்றால் கூட்டுத்தொகை 21. நால்வருக்கு 4.0 என்றால் 16. மிச்சம் 5, அது அந்த இருவருடையது. ஆக ஒருவர் 2, மற்றவர் 3. அல்லது ஒருவர் 1, மற்றவர் 4. ஆனால் குறைந்த மதிப்பெண்ணே 2 என்று பட்டை சொல்லிவிட்டதால் இரண்டாவது வழி அடிபட்டுப் போகிறது. கூடியது 4 என்பதால் சக பொறுப்பாளர்கள் நால்வரும் ஆளுக்கு 4 போட்டதும் தெரிந்துவிடுகிறது. ஆறு பேரில் நான்கு பேரின் மதிப்பெண் பெயரோடு வெளியே வந்தாயிற்று. மற்ற இருவரில் 2 போட்டது யார் என்பது மட்டுமே பாக்கி. கருத்துப் பகுதியைப் புரட்டினால் அதுவும் தெரிந்துவிடும். மென்பொருள் தன் விதியை மீறவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

இதற்குத் தீர்வு கடினமானதல்ல. ஒரு பிரிவை மறைத்தால் அதைக் கழித்துக் கண்டுபிடிக்க உதவும் மற்ற வரியையும் மறைக்க வேண்டும். சிறு அலுவலகத்தில் அதற்கு இலகுவான வழி, முதலாளி நீங்கலாக எல்லோரையும் "மற்றவர்கள்" என்ற ஒரே பிரிவாக்குவது. அதை அறிக்கை முழுவதற்கும் செய்ய வேண்டும். ஒரு கேள்விக்குச் சேர்த்துவிட்டு இன்னொரு கேள்விக்குப் பிரித்துக் காட்டினால் பழைய கதைதான். குறைந்தது, கூடியது, எத்தனை பேர் எந்த எண்ணைப் போட்டார்கள் என்ற பட்டை வரைபடங்களை எடுத்துவிடுங்கள். பெறுகிறவர் தனக்குத்தானே போட்ட மதிப்பெண்ணை எந்தச் சராசரியிலும் சேர்க்க வேண்டாம். அது அவருக்குத் தெரிந்த எண், கழிப்பது நிமிட வேலை.

இவ்வளவும் செய்தாலும் ஒரு ஓட்டை மிஞ்சும். எல்லோரும் ஒரே மாதிரிப் போட்டால் சராசரியே எல்லோரையும் காட்டிக்கொடுக்கும். "மற்றவர்கள்: 1.0" என்று வந்தால் அங்கே யாருக்கும் மறைவிடம் இல்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பதில் தருகிறவர்கள் பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் மதிப்பெண்ணே வேண்டாம் என்பேன். ஆறு பேரின் 3.5 எதைச் சொல்கிறது? ஒருவர் மனம் மாறி ஒரு எண்ணைக் கூட்டிப் போட்டால் அது 3.7 ஆகிவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் நாளைக் காலை அலுவலகத்துக்கு வந்து எதை மாற்றுவார்? எழுத்தில் வரும் கருத்துதான் அவருக்கு உதவும். ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

அதற்கு முன், கேள்வித்தாளுக்கு வெளியே நடக்கும் கசிவு பற்றி இரண்டு வார்த்தை. செலவைக் குறைக்கப் பலர் கூகுள் போம் பயன்படுத்துகிறீர்கள். மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதை நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். பதில்கள் விழும் தாளின் முதல் நிரலைப் பாருங்கள், `Timestamp` என்று இருக்கும். "இன்னும் ஒருவர்தான் பாக்கி, தயவுசெய்து இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்" என்று நீங்கள் வட்ஸ்அப்பில் ஒருவருக்கு நினைவூட்டி, அவர் "சரி அக்கா, இப்ப போடுறன்" என்று சொன்ன ஐந்தாவது நிமிடம் ஒரு வரி வந்து விழுந்தால் அது யாருடையது? அந்தத் தாளை முதலாளியோடு பகிர்ந்திருந்தால் விடயம் அத்தோடு முடிந்தது. தாமதமாக வந்த பதிலைச் சேர்த்து அறிக்கையை இரண்டாம் முறை வெளியிடுவதும் அப்படித்தான். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்தால் புதிதாக முளைத்த கருத்து தாமதமாக வந்தவருடையது என்று தெரியும். முடிவு நாள் கடந்தபின் ஒரே முறை, ஒரே அறிக்கை. கருத்துகளை ஒவ்வொரு கேள்விக்கும் வேறு வேறு வரிசையில் கலைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கேள்விக்கும் மூன்றாவதாக வருபவர் ஒரே ஆள் என்பது இரண்டாம் பக்கத்திலேயே பிடிபடும்.

இனிக் கருத்துகள். மேலே சொன்ன அலுவலகத்தின் வார்ஃப் கிளார்க் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"போன மாதம் வெள்ளிக்கிழமை பின்னேரம் கொள்கலனை எடுக்கத் துறைமுக வாசலில் நின்றபோது, பத்திரத்தில் பிழை இருக்கிறது, திரும்பி வா என்று போனில் சத்தம் போட்டார். அந்தப் பிழையை மூன்று நாளைக்கு முன்பே பார்த்திருக்கலாம். எல்லா முறையும் கடைசி நேரத்தில்தான் பார்க்கிறார்."

இதை அப்படியே அறிக்கையில் போட்டால் பெயரைக் கீழே எழுதியதற்குச் சமம். துறைமுக வாசலில் நிற்கிறவர் அந்த அலுவலகத்தில் ஒருவர்தான். இதைக் கண்டு பயப்படும் மனிதவளப் பொறுப்பாளர் என்ன செய்கிறார்? "நேர முகாமைத்துவத்திலும் தொடர்பாடலிலும் கவனம் செலுத்தலாம்" என்று மாற்றிவிடுகிறார். பெயர் தப்பியது, ஆனால் கருத்து செத்துவிட்டது. படிக்கிறவர் தலையாட்டிவிட்டு லாச்சியில் போட்டு மூடிவிடுவார்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. ஆளைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் சம்பவத்தின் விவரங்கள்: எந்த நாள், எந்த இடம், எந்தக் கொள்கலன், எந்த வாடிக்கையாளர். பெறுகிறவருக்குப் பயன்படுபவை வேறு மூன்று: அவர் திரும்பத் திரும்ப என்ன செய்கிறார், அதனால் மற்றவருக்கு என்ன ஆகிறது, பதிலுக்கு என்ன செய்தால் நல்லது. முதலாவதை வெட்டிவிட்டு மற்ற மூன்றையும் கூர்மையாக வைத்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்து நான் முதலில் இப்படி எழுதுவேன்:

"ஆவணங்களில் உள்ள பிழைகளை வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்த பிறகே சொல்கிறார். அப்போது குரலும் உயர்கிறது. ஆவணம் கையை விட்டுப் போகுமுன் ஒருமுறை சேர்ந்திருந்து பார்த்தால் திரும்ப அலைய வேண்டியிருக்காது."

இதையும் ஒரு சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இதை வாசித்தால், எழுதியிருக்கக்கூடியவர்கள் என்று மூன்று பேராவது மனதில் வருகிறார்களா? பிழையான ஆவணத்தால் கணக்குப் பிரிவும் பாதிக்கப்படும், போக்குவரத்தும் பாதிக்கப்படும், கஸ்டெக் தட்டுகிறவரும் பாதிக்கப்படுவார். அதுவரை சரி. ஆனால் "திரும்ப அலைய" என்ற இரண்டு சொற்கள் மறுபடி துறைமுகத்துக்குப் போகிறவரைத்தான் காட்டுகின்றன. அதை "ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்காது" என்று மாற்றினால் எல்லோருக்கும் பொருந்தும். பொறுப்பாளருக்குச் செய்தி துளியும் குறையவில்லை: எந்தக் கட்டத்தில், எந்தத் தொனியில், அதற்குப் பதிலாக என்ன என்று எல்லாம் இருக்கிறது. அவர் அடுத்த திங்கட்கிழமையே ஏதாவது மாற்றிச் செய்து பார்க்கலாம்.

இந்த வேலையைச் செய்ய இடையில் ஒரு மனிதர் வேண்டும். அவர் உங்கள் அலுவலகத்துக்குள் இருக்கக்கூடாது. முப்பது பேர் வேலை செய்யும் இடத்தின் மனிதவள அலுவலர் முதலாளியோடு ஒரே மேசையில் மத்தியானம் சாப்பிடுகிறார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் எழுதுகிறவர் அந்த மேசையை நினைத்துக்கொண்டுதான் எழுதுவார். வெளி ஆளுக்குக் காசு இல்லை என்கிறீர்களா? அதே அளவுள்ள இன்னொரு நிறுவனத்தோடு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மனிதவள அலுவலர் அவர்களுடைய கருத்துகளைத் தொகுக்கட்டும், அவர்களுடையவர் உங்களுடையதை. இருவரும் ஒரே தொழிலில் போட்டியாளர்களாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த இடையாள் திருத்திய வாசகத்தை எழுதியவருக்கே திருப்பிக் காட்ட வேண்டும். பலர் விட்டுவிடும் படி இதுதான். எந்தச் சொல் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். ஒருவேளை அவர் "கடைசி நேரம்" என்ற தன் முறைப்பாட்டை மேசையிலேயே ஒருமுறை பொறுப்பாளரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் வாசகம் எவ்வளவு பொதுவாக இருந்தாலும் பயனில்லை. இது வெளியிலிருந்து பார்க்கும் எனக்குத் தெரிய வழியில்லை. அவர் "இதைப் போட வேண்டாம்" என்றால் போடக்கூடாது. "போடுங்கள், நானே சொன்னேன் என்று தெரிந்தாலும் பரவாயில்லை" என்று சொல்கிறவர்களும் உண்டு. தீர்மானம் அவருடையதாக இருக்க வேண்டும்.

எழுத்தில் வாங்குவதைவிட ஆளுக்கு அரை மணித்தியாலம் கதைப்பது இன்னும் நல்லது. எல்லோரிடமும் ஒரே கேள்விகள், எல்லோருக்கும் ஒரே அளவு நேரம். ஒருவரோடு மட்டும் ஒரு மணித்தியாலம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் அதையே வெளியில் இருப்பவர்கள் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வார்கள். பேச்சில் வருவதை இடையாள் தன் சொற்களில் எழுதுவதால் இன்னொரு சிக்கலும் தீர்கிறது: மொழி.

கொழும்பு அலுவலகங்களில் இது சின்ன விடயமல்ல. நீங்கள் நல்லெண்ணத்தோடு கேள்வித்தாளை மூன்று மொழியிலும் கொடுக்கிறீர்கள். ஆறு பேரில் தமிழில் எழுதுகிறவர் ஒருவர் என்றால், தமிழில் வந்த கருத்து அவருடையது. அவர் அதைத் தவிர்க்க ஆங்கிலத்தில் எழுதினால், சொல்ல வந்ததில் பாதிதான் வருகிறது. மின்னஞ்சல்களில் அவர் வழக்கமாகச் செய்யும் அதே எழுத்துப்பிழைகளும் கூடவே வருகின்றன. அவரவர் தங்களுக்கு வசதியான மொழியில் சொல்லட்டும், வெளியே வரும் அறிக்கை ஒரே மொழியில், ஒரே நடையில் இருக்கட்டும். மூலம் எந்த மொழி என்ற குறிப்பு வேண்டாம். முக்கியமாக, "இதைக் கொஞ்சம் ஆங்கிலத்தில் போட்டுத் தாங்கோ தம்பி" என்று பக்கத்து அறைப் பையனிடம் கொடுக்க வேண்டாம்.

சரி, ஒரே ஒருவர் மட்டும் சொன்ன கருத்தை என்ன செய்வது? இரண்டு பேராவது சொன்னதைத்தான் அறிக்கையில் சேர்ப்பேன் என்று ஒரு விதி வைத்துக்கொள்வது வழக்கம். நான் பெரும்பாலும் அதைப் பின்பற்றுகிறேன், ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே ஒருவர் மட்டும் துறைமுகத்துக்குப் போகிற அலுவலகத்தில், துறைமுகத்தில் நடப்பதைப் பற்றி இரண்டாவது குரல் ஒருநாளும் வராது. ஆகவே தனிக்குரலை உடனே தூக்கி எறிவதில்லை. அது இன்னொருவர் சொன்னதோடு ஒரு படி மேலே போய்ச் சேருமா என்று பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவுக்காரர், "விலைப்பட்டியலில் பிழை என்று மாதக் கடைசியில்தான் சொல்வார்" என்கிறார். வார்ஃப் கிளார்க் துறைமுக வாசலைச் சொல்கிறார். சம்பவங்கள் வேறு, நடத்தை ஒன்று. இரண்டும் சேர்ந்து "பிழைகளைக் கடைசியில் சொல்கிறார்" என்ற ஒரே கருத்தாகிவிடும். அப்படிச் சேராவிட்டால், எழுதியவர் தனியாகத் தெரியச் சம்மதிக்காவிட்டால், அந்தக் கருத்து வெளியே போகாது. அந்த இழப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒன்று: மற்றவரிடம் போய் "வாசலில் நடந்தது உங்களுக்கும் தெரியுமா" என்று விசாரித்து உறுதிப்படுத்த முயலக்கூடாது. அந்த விசாரணையே கதையை அலுவலகம் முழுக்கப் பரப்பிவிடும்.

அறிக்கையைக் கொடுக்கும் விதமும் பெயரைக் காக்கிறது அல்லது கெடுக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பி விட்டுவிட்டால் பெறுகிறவர் இரவு தனியாக இருந்து யார், யார் என்று தேடுவார். அது மனித இயல்பு, அவரைக் குறை சொல்ல முடியாது. இடையாள் பக்கத்தில் இருந்து கொடுத்தால், அவர் "இது போக்குவரத்துக்காரன் வேலைதானே?" என்று கேட்கும்போது "ஆம்" என்றும் சொல்லாமல் "இல்லை" என்றும் சொல்லாமல் இருக்கலாம். ஒரு பெயருக்கு "இல்லை" என்று சொன்னால் மிச்சப் பெயர்கள் குறைந்துகொண்டே வரும், ஆகையால் நல்லெண்ணத்தில்கூட அதைச் சொல்லக்கூடாது. அப்புறம், இந்த அறிக்கையைச் சம்பள உயர்வோடும் போனஸோடும் கட்டாதீர்கள். காசு போனால் யார் என்று தேடாத ஆளை நான் இன்னும் காணவில்லை.

மூலப் பதில்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேல் தனிப்பட்ட தரவை வைத்திருக்கக்கூடாது என்ற கொள்கையைக் கொண்டது. அறிக்கை கையளித்த பின் மூலக் குறிப்புகளுக்கு வேலை இல்லை, அழித்துவிடலாம். சட்ட நுணுக்கத்தை உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இன்னும் இரண்டு எல்லைகள். பதில் தரக்கூடியவர்கள் நான்கு பேர்கூட இல்லாத இடத்தில் 360 எடுக்காதீர்கள். எந்த ஏற்பாடும் அங்கே பெயரைக் காக்காது. அங்கே நேருக்கு நேர், "அடுத்த மூன்று மாதத்தில் நான் எதை வேறு மாதிரிச் செய்தால் உன் வேலை இலகுவாகும்?" என்று பொறுப்பாளரே கேட்பது நல்லது. வருங்காலத்தைப் பற்றிக் கேட்டால் பழையதைத் தோண்டாமலே பதில் சொல்லலாம். இரண்டாவது, பாலியல் தொந்தரவு, களவு போன்றவை இந்த வழியாக வரக்கூடாது. அவற்றுக்குத் தனி முறைப்பாட்டு வழி இருப்பதைக் கேள்வித்தாளின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். அத்தகைய ஒன்றை மெழுகி "நடத்தையில் கவனம் தேவை" என்று எழுதுவது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே அடுத்த மின்னஞ்சல் போகுமுன் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், உண்மையில் நீங்கள் காப்பாற்றக்கூடியதை மட்டும் எழுதுங்கள். நான் கொடுக்கும் வாசகம் இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"உங்களிடம் மதிப்பெண் கேட்கப்படாது. நீங்கள் சொல்வதை நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒரே ஒருவர் மட்டும், யார் சொன்னது என்று தெரிந்தே, கேட்பார். அவர் பெயரும் தொலைபேசி இலக்கமும் கீழே உள்ளன. முதலாளியோ மனிதவளப் பிரிவோ உங்கள் சொற்களைப் பார்க்க மாட்டார்கள். அவர் எழுதும் வாசகத்தை முதலில் உங்களுக்குக் காட்டுவார். நீங்கள் வேண்டாம் என்றால் அது அறிக்கையில் வராது. ஆனாலும் நாம் சிறிய குழு. ஒருவர் ஊகிக்க முயன்றால் அதைத் தடுக்க எங்களால் முடியாது. அதை மனதில் வைத்து, சொல்ல விரும்புவதை மட்டும் சொல்லுங்கள். அறிக்கை கையளித்து 30 நாளில் குறிப்புகள் அழிக்கப்படும்."

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பின்னூட்டத் தொகுப்பாளர்